வேலை தேடாதபோது எழுதின நாலு கடுதாசி

வேலை வேணும்னு கெஞ்சி எழுதின கடுதாசி ஒண்ணுகூட எனக்கு இப்ப ஞாபகத்துல இல்ல. இப்போதைக்கு வேலை வேணாம்னு எழுதின கடுதாசிங்கதான் வரிக்கு வரி ஞாபகம் இருக்கு. மூணு மாசத்துக்கு ஒண்ணு. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். எல்லாமே மலேசியாவுல, ஈப்போ பழைய டவுன்ல, ஒரு சீன மருந்துக்கடைக்கு மேல் மாடியில ஆபீஸ் வச்சிருந்த ஒரு அக்காவுக்குப் போனது.

அந்த அக்கா கம்பெனிகளுக்கு ஆள் பார்த்துக் குடுக்கிறவங்க. ஒரு மேசை, ஒரு போன், ஒரு நீளமான அட்டைப் பெட்டி, அவ்வளவுதான் ஆபீஸ். ஸ்டெனோ வேணும், ஸ்டோர்ல கணக்கு எழுதுற கிராணி வேணும்னு கம்பெனிக்காரங்க போன் போடுவாங்க. இவங்க பெட்டியைத் திறந்து, பொருத்தமா ரெண்டு மூணு அட்டையை எடுத்து, முதல்ல எங்களைக் கேப்பாங்க. நாங்க சரின்னாத்தான் எங்க பேரு அந்தப் பக்கம் போகும். கூலியைக் கம்பெனி குடுக்கும். எங்ககிட்ட ஒரு காசு வாங்கினது கிடையாது.

யாழ்ப்பாணத்து வம்சம் அவங்க. அப்பா ரயில்வேயில பெரிய உத்தியோகம் பார்த்தவரு. நான் பீடோர் பக்கத்துல கித்தா தோட்டத்துல, ரப்பர் பால் வெட்டுற கூலிங்க இருக்குற லயத்து வரிசை வீட்டுல பொறந்தவ. அந்தக் காலத்துல எங்க ஆளுங்களும் அவங்க ஆளுங்களும் கோயில்ல பார்த்தாக்கூட ஒரு தலையசைப்போட சரி. டைப்ரைட்டிங் பாஸ் பண்ணிட்டு, எழுபதுகளோட கடைசியில, ஒரே ஒரு நல்ல சேலையைக் கட்டிக்கிட்டு நான் அந்த மாடிப்படி ஏறினப்ப, “இரும்”னாங்க. நம்மளை யாரும் அதுக்கு முன்னாடி ‘நீர்’னு பேசினது கிடையாது, நாடகத்துல ராஜாதான் அப்படிப் பேசுவாரு. சிரிப்பை அடக்கிக்கிட்டு உக்காந்தேன்.

நான் டைப் அடிச்ச பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தாங்க. அப்புறம் என் முன்னாடியே போனை எடுத்து, டவுன்ல இருந்த ஒரு ஈயச் சுரங்கக் கம்பெனி ஆபீசுக்குப் பேசினாங்க. “பிழை இல்லாம அடிக்கிறா. டெலெக்ஸ் தெரியாது. தெரியாது எண்டு அவவே சொன்னவ. பத்து நாளில பிடிச்சிடுவா எண்டு நான் நினைக்கிறன்.” இதுதான் சிபாரிசு. புகழ்ச்சி ஒரு வார்த்தை இல்ல. எனக்குக் கொஞ்சம் கோவம்கூட வந்துச்சு. ஆனா அடுத்த திங்கக்கிழமை, டைப் அடிச்சே தூரத்து ஆபீசுக்குச் செய்தி அனுப்புற அந்த டெலெக்ஸ் மிஷின் முன்னாடி நான் உக்காந்திருந்தேன்.

நன்றி சொல்லப் போனப்பதான் அந்த மூணு மாசக் கடுதாசிப் பேச்சு வந்துச்சு.

“வேலைதான் கிடைச்சிடுச்சே அக்கா, இனி என்னாத்துக்கு எழுதணும்?”

“வேலை இல்லாதபோது எல்லாரும் எழுதுவினம். அதில பாதி பயம். வேலை இருக்கேக்க என்ன எழுதுறீர் எண்டதிலதான் ஆள் தெரியும்,” அப்படின்னாங்க. “அரைப் பக்கம் போதும். இப்ப எங்க, என்ன செய்யிறீர். புதுசா என்ன பழகினீர். என்ன கிடைச்சா இடம் மாறுவீர், என்ன கிடைச்சாலும் மாறமாட்டீர். விலகுறதெண்டா எத்தனை நாள் முன்னறிவிப்பு. விலாசம் அதேதானோ. வேற ஆரும் நல்ல ஆள் தெரிஞ்சா அதையும் போடும். சொந்தக் காகிதம், சொந்தக் காசில முத்திரை. கம்பெனித் தாளில எழுதினா கிழிச்சுப் போடுவன்.”

“உங்ககிட்ட ஒண்ணும் கேக்க வேணாமா?”

“ஒண்டும் கேக்கக்கூடாது. கேக்காத கடிதத்தைத்தான் நான் நம்பி வைக்கலாம்.”

முதல் கடுதாசியை எழுத எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசும் ஆச்சு. தோட்டத்துல நாங்க கடுதாசி எழுதினா நலம் நலமறிய ஆவல்ல ஆரம்பிச்சு, ஆடு மாடு வரைக்கும் விசாரிச்சுத்தான் முடிப்போம். அரைப் பக்கத்துல நம்மளைப் பத்தி மட்டும் எழுதுறது, அதுவும் ஒண்ணும் கேக்காம எழுதுறது, உடம்பெல்லாம் கூசுச்சு. ஆனா ரெண்டு மூணு தடவைக்கு அப்புறம் அதுல ஒரு ருசி வந்துடுச்சு. புதுசா என்ன பழகினேன்னு எழுத உக்காந்தா, ஐயோ, இந்த மூணு மாசத்துல ஒண்ணும் பழகலையேன்னு உறைக்கும். அந்த வெக்கத்துலயே அடுத்த மூணு மாசம் ஏதாவது பழகிடுவேன்.

அவங்க பதில் ஒரு வரிதான் வரும். வெள்ளை உறை, மேல ஆபீஸ் பேரு இருக்காது, வீட்டு விலாசத்துக்குத்தான் வரும். ஒரு தடவை, “டெலெக்ஸோட, சரக்கு அனுப்புற கப்பல் பத்திரங்களும் பழகும். கம்பெனியள் கேக்கினம்”னு எழுதினாங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு ஷிப்பிங் கிளார்க் பின்னாடியே சுத்திச் சுத்திப் பழகினேன். இன்னொரு தடவை எங்க மேனேஜரே அவங்களுக்குப் போன் போட்டு, எங்க ஆபீஸ் ஆளுங்க யாராவது உங்க பெட்டியில இருக்காங்களான்னு நைசா விசாரிச்சாராம். “என்ர பெட்டியில ஆர் இருக்கினம் எண்டு நான் சொல்லுறதில்லை. உங்களுக்கு ஆள் தேவையெண்டா சொல்லுங்கோ”ன்னு வச்சுட்டாங்களாம். மேனேஜரே எங்ககிட்ட வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு சொன்னாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு டைப் அடிச்சேன். மனசுக்குள்ள அந்த அக்காவைக் கும்பிட்டேன்.

இப்படியே வருஷம் ஓடுச்சு. கல்யாணம் ஆச்சு. அவரும் அதே கம்பெனிதான், குளத்துல மிதந்துக்கிட்டே மண்ணை வாரி ஈயம் எடுக்குற கப்பல்ல, இரும்புக் கயிறு இழுக்குற விஞ்ச் மிஷின் ஓட்டுறவரு. குனோங் ராபாட்ல, மலைக்கு அடியில, வரிசை வீடு ஒண்ணுல குடியேறினோம். ரெண்டு பிள்ளைங்க. ரெண்டு பேரு சம்பளமும் ஒரே கம்பெனியில இருந்துதான் வந்துச்சு. அப்ப அது எங்களுக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

இப்ப என் முட்டாள்தனத்துக்கு வரேன்.

டெலெக்ஸ்ல வேலை செய்றவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கும். லைனைப் போட்டுக்கிட்டு மெதுவா அடிச்சா கம்பெனிக்குச் செலவு. அதனால முன்னாடியே செய்தியை அடிச்சு, துளை துளையா விழுற காகித நாடாவுல ஏத்தி வச்சுடுவோம். நேரம் வந்ததும் லைனைப் போட்டு நாடாவை மாட்டினா, மிஷின் தானே கடகடன்னு அனுப்பிடும். நாலு செய்தியை ஒரே மூச்சுல தயார் பண்ணி வச்சுட்டு, கோப்பி குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறதுல எனக்கு ரொம்பப் பெருமை. எண்பதுகளோட நடுவுல ஒரு ஜனவரி, பிள்ளைங்க ரெண்டுக்கும் அம்மை போட்டு எந்திரிச்ச சமயம். கடுதாசி எழுத உக்காந்தவ, கார்பன் தாள் வச்சு நாலு பிரதியா ஒரே தடவையில அடிச்சுட்டேன். இங்க நல்லாத்தானே இருக்கேன், ஒண்ணும் மாறப் போறதில்லையேன்னு ஒரு திமிரு. தேதி மட்டும் அப்புறமா தனித்தனியா அடிச்சேன். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். உறையில போட்டு, ஒட்டி, முத்திரையும் ஒட்டி, பிஸ்கட் டின்னுல வச்சு, “அந்தந்த மாசம் ஒண்ணாம் தேதி ஒண்ணொண்ணா போஸ்ட் பண்ணிடுங்க”ன்னு வீட்டுக்காரருகிட்ட குடுத்தேன்.

அவருகிட்ட ஒரு வேலை சொன்னா சொன்னதுதான். சொல்லாத வேலையைச் செய்ய வைக்க முடியாது, சொன்ன வேலையை நிறுத்தவும் முடியாது.

அந்தக் கடுதாசியில இருந்தது இவ்வளவுதான். இங்கே நிம்மதியா இருக்கேன். ஈப்போவை விட்டு வெளியூருக்கு வரமாட்டேன். ஒரு மாச முன்னறிவிப்பு. விலாசம் அதே. என் பக்கத்து மேசையில ஒரு பொண்ணு இருக்கா, எனக்கு அப்புறம் டெலெக்ஸ் பழகினவ, கை சுத்தம், வாய் கம்மி, கல்யாணம் ஆகல, வெளியூரும் போவா.

மே மாசத்துல தலைமை ஆபீஸ்ல இருந்து ஒரு டெலெக்ஸ் வந்துச்சு. ஈயம் விலை படுத்துக்கிச்சு, ஈயக் கப்பலை நிறுத்துறாங்க, ஈப்போ ஆபீசையும் மூடுறாங்க, தேதி பின்னாடி சொல்றோம், அதுவரைக்கும் வெளிய தெரியக்கூடாதுன்னு. என் மிஷின்ல, என் கண்ணு முன்னாடி, எழுத்து எழுத்தா விழுது. கிழிச்சு மேனேஜர் மேசையில கொண்டுபோய் வச்சேன். அவரு படிச்சாரு, என்னைப் பார்த்தாரு, நான் தலையாட்டினேன். டெலெக்ஸ் ஆப்பரேட்டர் வாயைத் திறந்தா அவ ஆப்பரேட்டரே இல்ல. அதனால வீட்டுல ஒருத்தருக்கும் சொல்லல. அந்தக் கப்பல்லயே விஞ்ச் ஓட்டுற மனுஷன் பக்கத்துல உக்காந்து சோறு சாப்பிடுறாரு, நான் ரசத்தை ஊத்திக்கிட்டு கம்முனு இருக்கேன். ரெண்டு மாசம் அப்படி ஓட்டினேன். பிஸ்கட் டின்னை அடியோட மறந்துட்டேன்.

ஜூலை ரெண்டாவது வாரம் எல்லாரையும் கூப்பிட்டு நோட்டீஸ் குடுத்தாங்க. சாயங்காலம் அவரு காகிதத்தை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு வந்து உக்காந்தாரு. நானும் என் காகிதத்தை எடுத்து மேசையில வச்சேன். வீட்டுக்குள்ள வர்ற ரெண்டு சம்பளமும் ஒரே நாள்ல நிக்கப் போகுது. அப்பத்தான் எனக்குச் சுரீர்னுச்சு.

“ஏங்க, அந்தக் கடுதாசி?”

“ஒண்ணாம் தேதி காலையிலேயே போட்டுட்டேன் லா. மறப்பேனா?”

தலையில அடிச்சுக்கிட்டேன். அவருக்கு ஒண்ணும் புரியல, பாவம்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துல ஓடினேன். அக்கா என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டாங்க. நோட்டீஸைக் காட்டினேன். படிச்சாங்க, கண்ணாடியைக் கழட்டினாங்க, பெட்டியைத் திறந்து என் அட்டையை எடுத்தாங்க.

“போன கிழமை, ஒண்டாம் தேதிதானே எழுதினீர், நிம்மதியா இருக்கிறன், ஈப்போவை விட்டு வரமாட்டன் எண்டு. அதைப் பார்த்துத்தான் உம்மைக் கேக்காம விட்டனான்.”

வெளியூரு, தெலுக் இந்தான்ல ஒரு செம்பனை எண்ணெய், அதான் பாமாயில், கம்பெனி. டெலெக்ஸும் கப்பல் பத்திரமும் ரெண்டும் தெரிஞ்ச ஆளு வேணும், தங்க வீடும் குடுப்பாங்க. எனக்குன்னே அளவெடுத்துத் தைச்ச வேலை. ஒரு பேரு ஏற்கெனவே குடுத்தாச்சு, நாளைக்கு காலையில பத்து மணிக்கு நேர்முகம்.

“நோட்டீஸ் திடீரெண்டு வந்ததோ? எழுதேக்க உமக்குத் தெரியாதோ?”

எவ்வளவு நல்ல மனசோட கேட்டாங்க தெரியுமா. தப்பிச்சுக்கிறதுக்கு வாசலை அவங்களே திறந்து வச்ச மாதிரி. ஊருல எல்லாருக்கும் நோட்டீஸ் திடீர்னுதான் வந்துச்சு. யாரு என்னைச் சந்தேகப்படப் போறா.

“தெரியாதுக்கா,” அப்படின்னேன்.

நம்பிட்டாங்க. உடனே நிமிந்து உக்காந்தாங்க. “அப்ப ஒரு வழி இருக்கு. இன்னொரு பேரும் தரச் சொல்லி அவையள் கேட்டவை. உமக்குச் சம்மதமெண்டா இப்பவே சொல்லுறன். உம்மட அனுபவத்துக்கு அவையள் வேற ஆளைத் தேடமாட்டினம்.” போனைக் கையில எடுத்துட்டாங்க. இன்னொரு கையில என் ஜூலை கடுதாசி. “இதையும் வாசிச்சுக் காட்டட்டே? ஆள் ஓடித் திரியிற ஆள் இல்லை, போன கிழமை வரைக்கும் நிம்மதியா இருந்தவ, கம்பெனி மூடினதாலதான் வாறா எண்டு சொன்னா, அதுதான் உமக்குப் பெரிய பலம்.”

நம்பரைச் சுத்த ஆரம்பிச்சாங்க. எனக்கு ரெண்டு நினைப்பு ஒண்ணா வந்து மோதுச்சு. என் பக்கத்து மேசைப் பொண்ணு நாளைக்கு லீவு எழுதிக் குடுத்திருந்தா. எங்கன்னு கேட்டதுக்கு, பீடோருக்கு, அம்மாவைப் பார்க்கன்னு கண்ணைப் பார்க்காம சொன்னா. அவளுக்கு அப்பா இல்ல, அம்மா வேலை செஞ்ச தோட்டத்தைத் துண்டு போட்டு வித்துட்டாங்க, அம்மாவும் தம்பிங்களும் லயத்தைக் காலி பண்ணணும். ஏற்கெனவே போன பேரு யாருதுன்னு அக்கா சொல்லல, சொல்லவும் மாட்டாங்க. ஆனா எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவளைச் சிபாரிசு பண்ணதே நான்தான்.

அது ஒரு நினைப்பு. பெரிய தியாகின்னு நினைச்சுக்காதீங்க, அதுக்காக மட்டும் நான் நிறுத்தியிருக்க மாட்டேன். வேலை எனக்கும்தான் வேணும், நேர்முகத்துல யாரு ஜெயிச்சாலும் நியாயம்தான். என்னால தாங்க முடியாதது இன்னொண்ணு. இந்தப் பொம்பளை தன் வாயால, தன் பேரை வச்சு, என் பொய்யை ஒரு மூணாவது மனுஷனுக்கு வாசிச்சுக் காட்டப் போறாங்க. எட்டு வருஷமா ஒரு புகழ்ச்சிகூட கூடுதலாச் சொல்லாத வாயி அது.

“அக்கா, போனை வைங்க.”

வச்சாங்க. எல்லாத்தையும் சொன்னேன். கார்பன் தாள், பிஸ்கட் டின், வீட்டுக்காரரு, மே மாச டெலெக்ஸ், இப்ப சொன்ன ‘தெரியாதுக்கா’ வரைக்கும்.

அவங்க திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். அட்டைக்குப் பின்னாடி இருந்து ஜனவரியையும் ஏப்ரலையும் எடுத்து, ஜூலையைப் பக்கத்துல வச்சாங்க. மூணும் ஒரே இடத்துல வரி உடையுது. முதல்ல கறுப்பு, அடுத்தது சாம்பல், மூணாவது பாதி அழிஞ்ச மாதிரி.

“எழுத்து மங்கிக்கொண்டு வந்தது. ரிப்பன் பழசாக்கும் எண்டு நினைச்சன்,” அப்படின்னாங்க.

அழுதுட்டேன். அந்த ஆபீஸ்ல, கீழே மருந்துக்கடையில மூலிகை இடிக்கிற சத்தம் கேக்க, மூக்கைச் சிந்திக்கிட்டு அழுதேன்.

“கம்பெனி ரகசியத்தை நீர் சொல்லாதது சரி. அதை நான் கேக்கவும் மாட்டன். ‘இனி வெளியூரும் சரி’ எண்டு ஒரு வரி போதும். காரணம் ஆர் கேட்டது?” அந்த மூணு கடுதாசியையும் விரலால தட்டிக் காட்டினாங்க. “என்னட்ட வேற முதல் இல்லை, பிள்ளை. நீங்கள் எழுதுறதுதான். அதை நம்பித்தான் நான் ஆக்களுக்கு வாக்குக் குடுக்கிறன்.”

நாளைக்கு என் பேரு போகாதுன்னு சொல்லிட்டாங்க. என்ன சொல்லி அனுப்புறதுன்னு அவங்களுக்கே தெரியாதப்ப அனுப்ப முடியாதுன்னு. அப்புறம் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினாங்க. “இண்டைக்கு என்னவோ, அதை எழுதும்.”

எழுதினேன். வேலை போயிடுச்சு, வீட்டுக்காரருக்கும் போயிடுச்சு, வெளியூரும் சரி, பழகினது ஒண்ணுமில்ல, நாலு கடுதாசியை ஒரே நாள்ல அடிச்சேன், உங்ககிட்ட பொய் சொன்னேன். அவங்க அதை மெதுவா வாசிச்சாங்க. அட்டையில பென்சிலால தேதி போட்டாங்க. பழைய மூணையும் கிழிப்பாங்கன்னு பார்த்தேன், கிழிக்கல. நாலையும் ஒண்ணா வச்சுப் பெட்டியை மூடினாங்க.

அந்தப் பொண்ணுக்கு வேலை கிடைச்சுது. அவளே வந்து, சந்தோஷத்தை எங்க வைக்கிறதுன்னு தெரியாம, “அக்கா, நான் போலாமா, உங்களை விட்டுட்டு”ன்னு கேட்டா. போய்ட்டு வா, நல்லா செய்யின்னேன். பொய் சொல்ல விரும்பல, எனக்கு வயிறு எரிஞ்சுது. பஸ் ஸ்டேஷனுக்கு வழியனுப்பக்கூட நான் போகல.

அதுக்கப்புறம் ஏழு மாசம். அவரு கிடைச்ச இடத்துல லோரியில மூட்டை ஏத்தப் போனாரு. நான் வீட்டு வாசல்ல காலையில தோசை சுட்டு வித்தேன். பிஸ்கட் டின்னுல மிச்சம் கிடந்த அந்த அக்டோபர் உறையை நான் அடுப்புல போட்டேன். அக்டோபர் ஒண்ணாம் தேதி கையாலேயே ஒண்ணு எழுதினேன். வேலை இல்ல. தோசை விக்கிறேன். டவுன்ல ஒரு கடையில பேக்ஸ் மிஷின் வந்திருக்கு, போய்ப் பார்த்தேன், இனி டெலெக்ஸ் ரொம்ப நாளைக்கு இருக்காதுன்னு தோணுது. கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போலாம்னு இருக்கேன், இன்னும் போகல. ஜனவரியில எழுதினப்ப, வகுப்புல சேர்ந்துட்டேன், விரல் ஓடுது, மூளை ஓடலன்னு எழுதினேன். ஒவ்வொண்ணுக்கும் பதில் வந்துச்சு, அதே ஒரு வரி. “கிடைச்சது. வகுப்பை விடாதையும்.” அந்த ஒரு வரிக்காக நான் தினமும் வாசல்ல தபால்காரரை எதிர்பார்த்து நின்னேன்.

பிப்ரவரியில ரெண்டு வரி வந்துச்சு. திங்கக்கிழமை வாரும். வேலை இங்கதான்.

போனேன். பெட்டி ஒண்ணா இருந்தது மூணா ஆயிருந்துச்சு. கம்பெனி மூட மூட, ஆளுங்க எழுதிக் குவிச்சிருந்தாங்க.

“எனக்குத் தனிய வாசிச்சு முடியேல்லை. எது உண்மையில அண்டண்டைக்கு எழுதினது, எது ஒரே நாளில அடிச்சது எண்டு பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேணும்,” அப்படின்னாங்க. “அதில உம்மைவிட அனுபவசாலி எனக்கு ஆரையும் தெரியாது.”

முகத்துல சிரிப்பே இல்ல. அது கிண்டல்தான்னு புரியவே எனக்கு ஒரு நிமிஷம் ஆச்சு.

“ஏன்க்கா, ஏழு மாசம் கழிச்சு?”

“ரெண்டு கடிதம் பாக்க வேணும் எண்டு இருந்தனான்.”

இதுல நான் அவங்களை வியக்கிறேன்னா அது கருணைக்காக இல்ல. கருணை பார்த்திருந்தா ஜூலையிலேயே போனைச் சுத்தியிருப்பாங்க. என்னைத் தள்ளியும் விடாம, தூக்கியும் விடாம, என் எழுத்து மறுபடி நிக்குதான்னு பார்த்தாங்களே, அதுக்குத்தான். அந்தப் பொறுமை எனக்கு இன்னிக்கும் வரல, என் பிள்ளைங்ககிட்டகூட வரல.

ஏப்ரல் முதல் வாரம், தபால் கட்டைப் பிரிச்சுக்கிட்டு இருந்தேன். தெலுக் இந்தான் முத்திரை போட்ட ஒரு உறை. கையெழுத்தைப் பார்த்ததுமே யாருன்னு தெரிஞ்சுச்சு. நான் இந்த ஆபீஸ்ல இருக்கேன்னு அவளுக்குத் தெரியாது.

இங்கே நல்லா இருக்கேன், மாற மாட்டேன். அம்மாவும் தம்பிங்களும் என்னோடதான் இருக்காங்க. பேக்ஸ் பழகிட்டேன். ஒரு மாச முன்னறிவிப்பு. அப்புறம் நல்ல ஆள்னு அவ எழுத வேண்டிய இடத்துல இது இருந்துச்சு. “ஈப்போவில என் பக்கத்து மேசையில இருந்த அக்காவுக்கு வேலை கிடைச்சுதான்னு தெரியல. திரும்பத் திரும்ப அவங்களைப் பத்தியே எழுதுறதுக்கு மன்னிக்கணும். இங்க இன்னொரு ஆள் எடுக்கப் போறாங்க. எனக்கு மேல அவங்களைப் போட்டாலும் சரி, அவங்களுக்குக் கீழ வேலை செய்ய நான் தயார். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவங்க சொல்லிக் குடுத்ததுதான்.”

திரும்பத் திரும்பன்னு இருந்துச்சே. அவ அட்டையை எடுத்துப் பார்த்தேன். அக்டோபர்ல ஒண்ணு, ஜனவரியில ஒண்ணு. ரெண்டுலயும் நான் இருக்கேன். ஒண்ணுல, பக்கத்து மேசை அக்கா வெளியூரும் வருவாங்கன்னு நினைக்கிறேன், கேட்டுப் பாருங்கன்னு. இன்னொண்ணுல, அவங்க தோசை விக்கிறாங்கன்னு கேள்விப்பட்டு மனசு கேக்கலன்னு. ரெண்டும் பேனாவுல எழுதினது. ரெண்டும் வேற வேற வார்த்தை. நான் அவளைப் பத்தி ஒரே ஒரு தடவை யோசிச்சு, கார்பனை வச்சு நாலு தடவைக்கு ஆக்கினேன். அவளை வழியனுப்பப் போகாம, வயிறு எரிஞ்சுக்கிட்டு வீட்டுல உக்காந்திருந்தேன். அவ மூணு மாசத்துக்கு ஒரு தடவை என்னைப் புதுசா நினைச்சிருக்கா.

மூக்கை உறிஞ்சின சத்தம் கேட்டுருக்கும். அக்கா அந்தப் பக்கத்து மேசையில இருந்து தலையைத் தூக்காமலேயே கேட்டாங்க.

“அது எப்படி? அண்டண்டைக்கு எழுதினதோ?”

“ஆமாங்க்கா,” அப்படின்னேன். பென்சிலை எடுத்து அவ அட்டையில தேதி போட்டேன்.